ஏப்ரல் முதல் ஓராண்டுக்கு அரிசி விலையை மாற்றாமல் தருவது பற்றி

கல்லடி, மட்டக்களப்பு
12.03.2025

சம்மாந்துறை அரிசி ஆலை உரிமையாளர் ஹாஜியார் அவர்களுக்கு,

வணக்கம் ஹாஜியார். நோன்பு நேரத்தில் கணக்கு வழக்கோடு வருகிறேன், கோபிக்க வேண்டாம். மகன் அனுப்பிய விலைக்கூறல் கிடைத்தது. 25 கிலோ மூடை, கல்லடிக்கு இறக்கித் தருவதாக, நாடு அரிசி 5,300 ரூபா, சம்பா அரிசி 5,650 ரூபா. இந்த விலையில் நான் ஒரு ரூபாவும் குறைக்கச் சொல்லவில்லை. இதே விலையை 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை மாற்றாமல் தர வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

இரண்டு விடுதிகளுக்கும் ஒரு தொழிற்சாலைக்கும் மதியச் சாப்பாட்டுக்கு ஓராண்டு ஒப்பந்தம் எடுத்திருக்கிறேன். பார்சல் விலை அதில் எழுதப்பட்டுவிட்டது. அரிசி ஏறினால் என் கையைத்தான் கடிக்கும்.

இப்போது உங்களிடம் மாதம் 35 மூடை அளவில்தான் எடுக்கிறேன், மீதி டவுன் கடைகளில். டிசம்பரில் அப்படி வாங்கிய ஒரு லொட்டில் பாதி குருணல். பத்து மணிக்குக் கட்டிய பார்சல் ஒரு மணிக்குக் களியாய்க் கிடந்தது. உங்கள் நாடு அந்த நேரத்திலும் உதிரியாக நிற்கிறது. ஆகவே முழு அரிசியையும் உங்களிடமே எடுக்கிறேன்: மாதம் நாடு 60 மூடை, சம்பா 20 மூடை. ஆண்டுக்கு 960 மூடை, 24 தொன், இன்றைய விலையில் 51 இலட்சத்து 72 ஆயிரம் ரூபா.

வாய்ப்பேச்சாக இருக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்ப்போம். 240 மூடைக்குப் பதில் 216க்குக் கீழே எடுத்திருந்தால், 216க்குக் குறைந்த ஒவ்வொரு மூடைக்கும் 250 ரூபா நான் கட்டுகிறேன். விடுதி விடுமுறை என்று சாக்குச் சொல்ல மாட்டேன், அதையும் கழித்துத்தான் இந்தக் கணக்கைப் போட்டேன்.

உங்கள் பக்கத்துச் சிரமம் நெல் விலை என்று தெரியும். நவம்பர் வெள்ளத்தில் நம் பக்கத்து வயல்கள் பட்ட பாட்டை நீங்கள் சொல்லித்தானா எனக்குத் தெரிய வேண்டும்? அறுவடை நெல் கைக்கு வரும் இந்த நேரத்தில் ஆலைக்காரருக்குக் காசுதான் முட்டுப்பாடு. அதனால் ஏப்ரல் முதலாம் திகதியே பத்து இலட்சம் ரூபா முற்பணம் வங்கியில் போடுகிறேன். இப்போதே நெல்லை வாங்கிக் காயவைத்து அடுக்கிக்கொள்ளலாம். முதல் பத்து மாதப் பில்லிலும் ஓர் இலட்சம் வீதம் கழித்தால் சரி, வட்டி வேண்டாம். மீதிப் பணம் சரக்கு இறங்கி 14 நாளில்.

அப்படியும் விலை தலைக்கு மேல் போனால்? அரசாங்கம் நாடு நெல்லுக்கு அறிவித்த விலை கிலோ 120 ரூபா. உங்கள் ஆலை வாசலில் அந்த நெல்லின் விலை 145ஐத் தாண்டி ஒரு மாதம் நின்றால், தாண்டிய தொகையில் பாதியை நான் தாங்குகிறேன். நூறு கிலோ நெல்லுக்கு 65 கிலோ அரிசி என்று வைத்தால், நெல் கிலோவுக்கு ஒரு ரூபா ஏற மூடைக்கு 38 ரூபா ஏறும். அதில் 19 என்னுடையது. சம்பா மூடைக்கும் இதே தொகைதான். சிறுபோக அறுவடையில் நெல் விழுந்தால் விலையைக் குறை என்று கேட்க மாட்டேன், அந்த இலாபம் உங்களுக்கே. அரசாங்கம் உச்ச விலையை நம் விலைக்குக் கீழே இறக்கினால் மட்டும் சட்டப்படி நாமும் இறங்க வேண்டும்.

இரண்டு விஷயம் எழுத்தில் வேண்டும். ஒன்று, இந்த முறை அனுப்பிய சாம்பிள் தரமே ஆண்டு முழுக்க. குருணல் கூடினால் மூடையை அதே லொறியில் திருப்பி ஏற்றுவேன். மற்றது, மாரியில் மாவடிப்பள்ளிப் பாதை தண்ணீரில் போனால் லொறி வராது, சாப்பாட்டை நிறுத்த எனக்கு வழியில்லை. டிசம்பர் சரக்கை நவம்பர் முதல் வாரத்திலேயே இறக்கிவிடுங்கள். வைக்க இடம் ஒழுங்கு செய்திருக்கிறேன், அதன் காசை உடனே தருகிறேன்.

இதே கேள்வியை வேறு ஆலைக்கு இன்னும் அனுப்பவில்லை. ஆனால் ஏப்ரலில் ஒப்பந்தம் தொடங்குவதால் 25ஆம் திகதிக்குள் உங்கள் பதில் வேண்டும். ஓராண்டு முடியாது, ஆறு மாதம்தான் என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள், ஆனால் முற்பணம் அப்போது ஐந்து இலட்சமாகத்தான் இருக்கும். சரி என்றால் தராவீஹ் முடிந்த பிறகு ஒரு நாள் மகனை அழைக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தப் பத்திரத்தை எழுதிக்கொண்டு நானே சம்மாந்துறைக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி,
சமையற்கூட உரிமையாளர், கல்லடி