நோன்பு: பொருள், ஒழுங்கு, உடல்நலம் – ஓர் ஒப்பீடு

‘பட்டினி’ என்ற ஒரே சொல்லில் எல்லா நோன்பையும் அடக்குவது தவறு. ரமலானில் விடியல் முதல் சூரிய மறைவு வரை தண்ணீரும் கிடையாது, நோக்கம் இறையச்சம். யூதர்களின் யோம் கிப்பூர் சுமார் 25 மணி நேரம் நீடிக்கும் பாவமன்னிப்பு நாள். சமண உபவாசத்தில் கொதிக்கவைத்த நீர் உண்டு, அதுவும் பகலில் மட்டும். ஏகாதசியில் பலர் தானியத்தை மட்டுமே விலக்குகிறார்கள். கத்தோலிக்கர் சாம்பல் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் ஒருவேளை முழு உணவும் இரு சிற்றுணவும் கொள்ளலாம், இறைச்சி கூடாது.

உடலுக்குக் கடினம் நீரில்லா நோன்புதான். முதல் நாள் தலைவலிக்குப் பசியைக் குறை சொல்வார்கள். காபி நின்றதும் நீர் குறைந்ததும் பெரும்பாலும் காரணம். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு மாத்திரை எடுப்பவருக்கு ஆபத்து வேறு வகை: உணவு நின்றாலும் மருந்து சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். இரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே போனால் நோன்பை உடனே முறிக்க வேண்டும். மருந்தளவை மருத்துவரிடம் முன்கூட்டியே மாற்றிக்கொள்வது நல்லது.

உடல்நலத்துக்காக நோன்பைத் தள்ளிவைக்கவோ முறிக்கவோ மரபே இடம் தருகிறது, பலர் அதைக் கேட்பதில்லை. குர்ஆன் 2:184 நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் நோற்கலாம் என்கிறது. யூதச் சட்டத்தில் உயிரைக் காக்கும் கடமை நோன்பை மிஞ்சும்.

பல நாள் நீண்ட நோன்பை விருந்தோடு முடிப்பது பெரும்பிழை. திடீர் மாவுச்சத்தால் இரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பு சரிந்து இதயத் துடிப்பு குலையலாம்.