ஒரு மில்லிமீற்றர் மழை: தரம் 9 வீட்டுப் பாடம், காணொளி உரை

(டீச்சர் லயத்து வாசலில் நிற்கிறார். பின்னால் தேயிலை மலை. மழை இல்லை, மூடுபனி இருக்கிறது.)

வணக்கம் பிள்ளைகளே. மழையால் பாடசாலை மூடியிருக்கிறது. ஆனால் இன்றைக்கு நாம் படிக்கப்போவதே மழையைப் பற்றித்தான். ஃபோன் அம்மாவின் கையிலோ அப்பாவின் கையிலோதான் இருக்கும், அவர்கள் மலையிலிருந்து வந்த பிறகுதான் உங்களுக்குக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் காணொளியைச் சின்னதாக வைத்திருக்கிறேன். அவர்களும் பக்கத்தில் இருந்தால் சேர்ந்தே பாருங்கள். இது அவர்களுக்கும் வேண்டிய பாடம்.

வானொலியில் "வட்டவளையில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தது" என்று சொல்வார்கள். மில்லிமீற்றர் என்பது நீளத்தை அளக்கும் அலகு. தண்ணீரை நாம் லீற்றரில்தானே அளப்போம்? அப்படியென்றால் மழையை ஏன் நீளத்தில் சொல்கிறார்கள்? காணொளியை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் யோசியுங்கள்.

(வாசலில் ஒரு அகலமான தட்டையான தட்டு, ஒரு ஒடுக்கமான கண்ணாடிக் குவளை. இரண்டுக்கும் பக்கங்கள் நேராக இருக்கின்றன.)

சரி. இந்த இரண்டையும் ஒரே மழையில் வைத்தால் எதில் தண்ணீர் கூடுதலாக இருக்கும்? தட்டில்தான், அதன் வாய் அகலம். ஆனால் அடிமட்டத்தை உள்ளே விட்டு ஆழத்தைப் பாருங்கள். இரண்டிலும் ஒரே ஆழம்தான். அகலமான வாய் கூடுதல் மழையைப் பிடிக்கிறது, ஆனால் அதே அகலத்தில் அதைப் பரப்பியும் விடுகிறது. அதனால்தான் ஆழத்தைச் சொன்னால் போதும், பாத்திரம் எது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பக்கங்கள் நேராக இருக்க வேண்டும். வாய் விரிந்த வாளியில் அளந்தால் கணக்குப் பிழைத்துவிடும்.

இப்போது ஒரு சதுர மீற்றர் தரையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஒரு மில்லிமீற்றர் தண்ணீர் நின்றால் அது சரியாக ஒரு லீற்றர். இதை அப்பியாசக் கொப்பியில் எழுதிக் கீழே கோடு போடுங்கள்.

நம்முடைய காம்பரா ஒன்றை எடுப்போம். 12 அடிக்கு 10 அடி என்றால் ஏறத்தாழ 11 சதுர மீற்றர். 75 மில்லிமீற்றர் மழையில் அதன் தகரத்தில் விழுவது 11 தர 75, அதாவது 825 லீற்றர். 200 லீற்றர் பீப்பாய் நான்கு நிரம்பி மிச்சமும் இருக்கும். ஒரு காம்பராவுக்கே இவ்வளவு.

(கேமரா மெதுவாக மலைப் பக்கம் திரும்புகிறது.)

அந்த மலையைப் பாருங்கள். ஒரு ஹெக்டேயர், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். அதில் 10,000 சதுர மீற்றர் இருக்கிறது. அதே 75 மில்லிமீற்றர் மழைக்கு 750,000 லீற்றர். எடையில் 750 தொன். ஒரே நாளில் அந்த மலை இதைச் சுமக்க வேண்டியிருக்கிறது. ஒரு பங்கு கான் வழியாக ஓடிவிடும், மீதி மண்ணுக்குள் இறங்கும். கானில் இலையும் மண்ணும் அடைத்துக் கிடந்தால் உள்ளே இறங்கும் பங்கு கூடிவிடும். கான் வெட்டும் வேலையைச் சின்ன வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் என்ன செய்கிறது? மண் துணிக்கைகள் ஒன்றோடொன்று உராய்ந்து பிடித்துக்கொண்டிருப்பதால்தான் சரிவில் நிற்கின்றன. இடைவெளியெல்லாம் தண்ணீரால் நிரம்பும்போது அந்தப் பிடி தளர்கிறது, பாரமும் கூடுகிறது. மணலில் செய்து பாருங்கள். கொஞ்சம் ஈர மணலில் கோபுரம் கட்டலாம். அதன் தலையில் தொடர்ந்து தண்ணீர் ஊற்றினால், முதலில் ஒன்றும் ஆகாததுபோல் இருக்கும், அப்புறம் சட்டென்று வழிந்து இறங்கும்.

2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு வந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. உங்களுக்கு அது நினைவிருக்காது. எங்கள் வயதுக்காரர்களுக்கு அந்தக் காலை மறக்காது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மழையை அளக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்படுவதற்கு அதுதான் காரணம்.

(மேசையில் 1.5 லீற்றர் பிளாஸ்டிக் போத்தல், கத்தரிக்கோல், சின்னக் கற்கள், டேப், அடிமட்டம். கேமரா கைகளுக்குக் கிட்ட.)

வாருங்கள், மழைமானி செய்வோம். பக்கங்கள் நேரான போத்தலாகத் தேடுங்கள். கழுத்துச் சரிவு முடிந்து போத்தல் நேராகும் இடத்துக்குச் சற்றுக் கீழே சுற்றி வெட்டுங்கள். வெட்டுவதைப் பெரியவர் ஒருவர் செய்து தரட்டும், அந்த விளிம்பு கையைக் கிழிக்கும். மேல் துண்டின் மூடியைக் கழற்றித் தலைகீழாக உள்ளே செருகுங்கள். இப்படி. புனல் வந்துவிட்டது. இது துளி வெளியே தெறிக்காமலும் வெயிலில் தண்ணீர் ஆவியாகாமலும் காக்கும். விளிம்பில் டேப் ஒட்டுங்கள்.

இப்போது அடியைப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக இருக்கிறது. அங்கிருந்து அளக்கத் தொடங்கினால் பிழைக்கும். கற்களைப் போட்டு, கற்கள் மூடி, நேரான பகுதி வரும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். அந்த நீர்மட்டத்தில் கோடு போடுங்கள். அதுதான் பூச்சியம். அதிலிருந்து மேலே மில்லிமீற்றர் கோடுகள். கற்கள் இருப்பதால் காற்றிலும் போத்தல் விழாது.

கூரை விளிம்புக்கும் மரத்துக்கும் தள்ளி, நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில் வையுங்கள். லயத்தில் வெட்டவெளி கிடைப்பது கஷ்டம்தான். பீலிக்கரையிலோ கோயில் முற்றத்திலோ இடம் இருந்தால் இரண்டு மூன்று வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து ஒன்றையே வைக்கலாம்.

வாசிப்பது காலை 8.30க்கு. வளிமண்டலவியல் திணைக்களமும் 24 மணித்தியாலக் கணக்கை அந்த நேரத்தில்தான் முடிக்கிறது. கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகக் கொண்டுவாருங்கள். எழுதிய பிறகு நீர்மட்டம் பூச்சியக் கோட்டுக்கு வரும் வரை தண்ணீரை வெளியே ஊற்றிவிடுங்கள். இரவில் மழை ஓயாமல் கொட்டினால் 8.30 வரை காத்திருக்காதீர்கள், இடையிலும் வீட்டில் ஒருவர் பார்க்கட்டும்.

மண்சரிவு ஆபத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் அளவுகள் இவை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக இருக்க வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், சரிவில் இருப்பவர்கள் வெளியேற வேண்டும்.

உங்கள் போத்தல் குறைவாகக் காட்டுகிறது என்று யாரும் வீட்டில் தங்கிவிடக் கூடாது. நிலத்தில் புதிய வெடிப்பு, சுவரில் விரிசல், மரமோ தூணோ சாய்ந்து நிற்பது, திடீரென்று ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருவது, வராத இடத்தில் ஊற்று வருவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அளவைப் பார்க்காமல் பெரியவர்களிடம் சொல்லி உடனே வெளியேறிவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. இதையும் கொப்பியில் எழுதுங்கள்.

(டீச்சர் கரும்பலகைக்கு முன்னால்.)

வேலை இரண்டு. ஒன்று, உங்கள் காம்பராவின் நீள அகலத்தை அளந்து, 40 மில்லிமீற்றர் மழையில் அதன் கூரையில் எத்தனை லீற்றர் விழும் என்று கணக்கிடுங்கள். இரண்டு, ஏழு நாள் அளவுகளை அட்டவணையாக எழுதுங்கள். மழை இல்லாத நாளுக்கும் பூச்சியம் என்று எழுத வேண்டும், வெறுமையாக விடக் கூடாது. ஃபோட்டோ அனுப்பச் சிக்னல் போதாதவர்கள் ஏழு எண்களையும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகச் சொன்னாலே போதும், நான் எழுதிக்கொள்கிறேன்.

போத்தலை இன்றைக்கே வையுங்கள். நாளைக் காலை 8.30க்கு முதல் அளவு.