உமாவுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம்

அன்புள்ள உமா,

போன வியாழக்கிழமை உன் வாய்மொழித் தேர்வுக்கு நான் வரவில்லை. கண்டிப்பாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. என்னை மன்னித்துவிடு.

அன்று காலை, "பாப்பாவுக்குக் காய்ச்சல், வர முடியலடி, தப்பா நினைக்காத" என்று உனக்குச் செய்தி அனுப்பினேன். "பரவாயில்ல, முதல்ல அவளைப் பாரு, மருந்து கொடுத்தியா?" என்று நீ பதில் போட்டாய். தேர்வுக்கு இரண்டு மணி நேரம்தான் இருந்தது. அந்தப் பதற்றத்திலும் என் குழந்தையை விசாரித்தாய். ஒரு வாரமாக அந்தப் பதிலைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். காய்ச்சல் வந்தது செவ்வாய்க்கிழமை. புதன் ராத்திரியே விட்டுவிட்டது. வியாழன் காலை அவள் மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். நான் உன்னிடம் பொய் சொன்னேன்.

நடந்தது இதுதான். வரவேண்டும் என்று புறப்பட்டேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஆரப்பாளையம் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தும் விட்டேன். எத்தனை மணிக்குத் தேர்வு என்று பார்ப்பதற்காக நீ அனுப்பிய அழைப்பைப் போனில் திறந்தேன். 'முனைவர் பட்டப் பொது வாய்மொழித் தேர்வு' என்று போட்டு, கீழே உன் பெயர். அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சை அடைத்தது. டிரைவர் வண்டியை எடுப்பதற்குள் இறங்கிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே அந்தச் செய்தியை உனக்கு அடித்தேன்.

நாம் இரண்டு பேரும் 2017-இல் ஒரே வாரத்தில் பதிவு செய்தோம். நீ பள்ளிக்கூட வேலையையும் பார்த்துக்கொண்டு, பகுதி நேரமாகவே முடித்துவிட்டாய். நான் மூன்றாவது வருஷம் நிறுத்தினேன். கல்யாணம், குழந்தை, வீட்டில் ஒத்துழைப்பு இல்லை என்றெல்லாம் எல்லோரிடமும் சொல்லிவந்தேன், உன்னிடமும்தான். வீட்டில் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை உமா. அரையாண்டு அறிக்கையை இரண்டு தடவை கொடுக்காமல் விட்டேன். அப்புறம் கைடு முகத்தைப் பார்க்கக் கூச்சமாகிவிட்டது. போன் வந்தால் எடுக்கவில்லை. அப்படியே நின்றுபோனது.

அதனால்தான் அந்தக் கூடத்துக்குள் வந்து உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை. பொறாமையும் இருந்தது, அதை மறைத்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுதிப் பயனில்லை. உனக்கு எதுவும் கெட வேண்டும் என்று ஒரு நிமிஷமும் நினைத்ததில்லை. அதை நீ நம்புவாய் என்று நினைக்கிறேன். ஆனால் என் வருத்தத்தை ஒரு மூன்று மணி நேரம் ஓரமாக வைத்துவிட்டு உனக்காக வந்திருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை.

என்னை அதிகம் குத்துவது உன் அப்பா விஷயம். பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்ததே இல்லை, நான் என்னம்மா அங்க வந்து செய்யப் போறேன் என்று அவர் தயங்கினார். "நான் பக்கத்துல உட்கார்ந்து என்ன கேக்குறாங்க, என்ன சொல்றாங்கன்னு ஒவ்வொண்ணா சொல்றேன்ப்பா, வாங்க" என்று நான்தான் முனிச்சாலை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவரைச் சம்மதிக்க வைத்தேன். "ஃபெயில் ஆக்கிருவாங்களாம்மா?" என்று அவர் கேட்டதற்கு, புறத்தேர்வாளர் என்றால் யார், அவர் எதற்காகக் கேள்வி கேட்பார் என்று அரை மணி நேரம் சொன்னேன். நீ உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தாய்.

கவிதா வீடியோவை அனுப்பினாள். நான்கு நாள் திறக்கவே இல்லை. திங்கள் ராத்திரி பாப்பா தூங்கிய பிறகு பார்த்தேன். அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையவில்லை. பக்கத்து நாற்காலியில் அவருடைய மஞ்சப்பை. நடுவில் ஒரு பையன் வந்து அந்த நாற்காலியைக் காட்டிக் கேட்கிறான். அப்பா பை மேல் கையை வைத்துக்கொண்டு ஏதோ சொல்கிறார். சத்தம் கேட்கவில்லை. ஆனால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆள் வருது என்றுதான் சொல்லியிருப்பார். உன்னிடம் நான் சொன்ன பொய்யை அவரிடம் யாரும் சொல்லவில்லையா, சொல்லியும் நம்பிக்கையோடு இடம் பிடித்து வைத்திருந்தாரா, தெரியவில்லை. தேர்வு முடியும்வரை பை அந்த நாற்காலியிலேயே இருந்தது.

அப்புறம் நீ அந்தத் துணியை எடுத்தாய். உன் அம்மா கடைசியாகக் கட்டிவைத்த சுங்குடித் துணி, முடிச்சு அவிழ்க்காமல் பீரோவில் வைத்திருந்தாயே, அதேதான். சாயம் போட்ட பிறகும் முடிச்சு இருக்கும் இடத்தில் துணி வெள்ளையாகவே இருக்கும் என்று விளக்கிவிட்டு, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தாய். முடிச்சுகள் வரிசையாகத் தெறித்து, புள்ளி புள்ளியாக விரிந்தது. ஒரு கட்டுரையில் இருநூறு பக்கம் எழுதியும் சொல்ல முடியாததை அந்த ஒரு இழுப்பில் காட்டிவிட்டாய். புறத்தேர்வாளர் எழுந்து வந்து துணியைத் தொட்டுப் பார்த்தார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று புறத்தேர்வாளர் அறிவித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா மட்டும் தட்டலாமா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, பிறகு தட்டினார். அந்த இடத்தில் நான் இருந்திருக்க வேண்டும். தட்டுங்கப்பா என்று சொல்ல ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும்.

நீ கோபப்பட்டால் அது நியாயம். கொஞ்ச நாள் பேச வேண்டாம் என்று தோன்றினாலும் சரி, நான் நச்சரிக்க மாட்டேன். கவிதாவை நடுவில் தூது அனுப்பவும் மாட்டேன். பரவாயில்லை என்று உடனே சொல்லிவிட வேண்டும் என்று உன்னை நீயே கட்டாயப்படுத்திக்கொள்ளாதே. நீ அப்படிச் செய்யக்கூடியவள் என்பதால் சொல்கிறேன்.

அப்பாவிடம் நான் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். காய்ச்சல் கதையை அவரிடம் சொல்ல மாட்டேன், இறங்கிப் போனதைத்தான் சொல்வேன். வருகிற சனிக்கிழமை மதுரைக்கு வர முடியும். வீட்டுக்கு வரலாமா என்பதை நீ முடிவு செய். வேண்டாம் என்றால் அவருக்கும் ஒரு கடிதம் எழுதுகிறேன், நீ படித்துக் காட்டு.

உன் நன்றியுரையில் என் பெயரைப் போட்டிருப்பதாகக் கவிதா சொன்னாள். இரண்டாவது இயலில் எழுத்துப் பிழை பார்த்ததற்கா அது? அந்தப் பக்கத்தைப் படிக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். முடிச்சுப் போடும்போது பெண்கள் பேசிக்கொள்வதை வழக்காறு என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று ஒரு பேராசிரியர் கேட்டார். நீ பதில் சொல்லும்போது யாரோ நாற்காலியை இழுத்த சத்தத்தில் வீடியோவில் ஒன்றும் புரியவில்லை. பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தேன். எப்போது தோன்றுகிறதோ அப்போது, நீ என்ன சொன்னாய் என்று எனக்குச் சொல்.

தேன்மொழி
திண்டுக்கல்