ஜூன் மாத வாடகை குறித்து

வணக்கம் சார்,

ஜூன் வாடகை வரவில்லை, அட்வான்ஸில் கழித்துக்கொள்கிறேன் என்று நீங்கள் அனுப்பிய மெசேஜைப் பார்த்தேன். வாடகையை 5ஆம் தேதியே அனுப்பிவிட்டேன். ஸ்கிரீன்ஷாட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

05.06.2025, காலை 9.42 மணி. தொகை ரூ.13,340. வாடகை 12,500, மோட்டார் கரண்ட் பங்கு 340, மெயின்டனன்ஸ் 500 சேர்த்து. யூபிஐ பரிவர்த்தனை எண் 515643207718. நிலை: வெற்றி. என் கணக்கிலும் பணம் கழிந்திருக்கிறது, திரும்பி வரவில்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள் சார். பணம் போனது வீட்டம்மாவின் கணக்குக்கு, கடைசி நான்கு எண் 4417. இனி அந்த நம்பருக்கே போடச் சொல்லி மே மாதக் கடைசியில் நீங்கள்தான் மெசேஜ் அனுப்பியிருந்தீர்கள். உங்கள் பாஸ்புக்கில் தேடியிருந்தால் கிடைத்திருக்காது. அம்மாவின் பாஸ்புக்கை ஒருமுறை என்ட்ரி போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அதிலும் இல்லையென்றால் சொல்லுங்கள், இதே எண்ணை வைத்து என் வங்கியில் நானே புகார் கொடுக்கிறேன். அதுவரை அட்வான்ஸில் கை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பார்த்துவிட்டால் ‘ஜூன் வாடகை வந்தது’ என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். அப்புறம், ஜூலை வாடகையை எந்தக் கணக்கில் போடட்டும்?

நன்றி சார்.
மாடி போர்ஷனிலிருந்து