இணைப்பு 3: 2026–27 வரவு செலவுத் திட்டத்துக்கான கொள்முதல் திட்டம்

பெறுநர்: அறங்காவலர் குழு
அனுப்புநர்: நிதி அலுவலர், அறக்கட்டளை மருத்துவமனை, மயிலாடுதுறை மாவட்டம்
நாள்: 2 மார்ச் 2026
பரிசீலனை: 14 மார்ச் 2026 பட்ஜெட் கூட்டம்

இந்த ஆண்டு பட்ஜெட்டோடு கொள்முதல் திட்டத்தையும் சேர்த்தே உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறோம். பட்ஜெட்டில் ஒரு தொகையை ஒதுக்குவதால் மட்டும் பொருள் வந்துவிடாது. டெண்டர் எப்போது போகும், எந்த முறையில் போகும், கடைசிக் கையெழுத்து யாருடையது என்ற மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பட்ஜெட் கூட்டத்தைத் தவிர நமது குழு ஆண்டுக்கு நான்கு முறைதான் கூடுகிறது. 50 லட்சத்துக்கு மேற்பட்ட எதுவும் அந்த நான்கு நாள்களில் ஒன்றில்தான் முடிவாக முடியும். அதனால் ஒவ்வொரு பெரிய கொள்முதலையும் கூட்டத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டிருக்கிறோம்.

2026–27 கூட்டங்கள்: ஏப்ரல் 11, ஜூலை 11, அக்டோபர் 10, ஜனவரி 9.

ஒப்புதல் வரம்புகள்

நமது கொள்முதல் விதிகளில் உள்ளபடியே:

| மதிப்பு | முறை | ஒப்புதல் |
|---|---|---|
| ரூ. 50,000 வரை | நேரடி | துறைத் தலைவர் |
| ரூ. 50,000 முதல் 3 லட்சம் வரை | மூன்று கொட்டேஷன் | நிர்வாக அலுவலர் |
| ரூ. 3 லட்சம் முதல் 15 லட்சம் வரை | குறைந்தது ஐந்து பேரை அழைக்கும் வரையறுக்கப்பட்ட டெண்டர் | கொள்முதல் குழு |
| ரூ. 15 லட்சம் முதல் 50 லட்சம் வரை | திறந்த டெண்டர், 21 நாள் | செயலாளர் |
| ரூ. 50 லட்சத்துக்கு மேல் | திறந்த டெண்டர், இரண்டு கவர், 30 நாள் | அறங்காவலர் குழு |

ஒரே விற்பனையாளரிடம் மட்டும் வாங்க வேண்டிய பொருளுக்கு ஒப்புதல் ஒரு படி மேலே போகும். மதிப்பு என்பது வரி, போக்குவரத்து, நிறுவும் செலவு எல்லாம் சேர்ந்தது. நமது சிகிச்சைச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால், வாங்கும் பொருளுக்குக் கட்டும் வரியைத் திரும்பப் பெற வழியில்லை. அது முழுக்க நம் செலவுதான். பல ஆண்டு ஒப்பந்தம் என்றால் மாத பில்லையோ ஓராண்டுத் தொகையையோ பார்க்காமல், ஒப்பந்தக் காலம் முழுவதற்குமான மதிப்பையே பார்க்க வேண்டும்.

முதன்மைக் கொள்முதல்கள் (ரூ. லட்சத்தில்)

| பொருள் | ஒதுக்கீடு | முறை | ஒப்புதல் | டெண்டர் | ஆணை | பயன்பாட்டுக்கு |
|---|---|---|---|---|---|---|
| சிடி ஸ்கேனர், 32 ஸ்லைஸ் | 190 | திறந்த, இரண்டு கவர் | அறங்காவலர் குழு, ஜூலை | ஏப்ரல் 20 | ஜூலை 20 | பிப்ரவரி 2027 |
| சிடி அறை (சுவர்க் காப்பு, மின்வேலை) | 22 | திறந்த | அறங்காவலர் குழு உச்சவரம்பு, ஜூலை. ஆணை செயலாளர் | ஆகஸ்ட் 3 | செப்டம்பர் 7 | நவம்பர் இறுதி |
| டயாலிசிஸ் இயந்திரம் 4, ஆர்ஓ அமைப்பு | 40 | திறந்த, இரண்டு பிரிவு | செயலாளர் | மே 4 | ஜூன் 22 | செப்டம்பர் இறுதி |
| ஜெனரேட்டர், 250 கேவிஏ | 28 | திறந்த | செயலாளர் | மே 4 | ஜூன் 15 | செப்டம்பர் 20 |
| மொட்டைமாடி நீர்க்கசிவுத் தடுப்பு | 14 | வரையறுக்கப்பட்டது | கொள்முதல் குழு | ஏப்ரல் 20 | மே 25 | ஆகஸ்ட் 15 |
| ஆம்புலன்ஸ் | 19 | திறந்த | செயலாளர் | ஆகஸ்ட் 17 | செப்டம்பர் 28 | நவம்பர் இறுதி |
| அல்ட்ராசவுண்ட் | 18 | திறந்த | செயலாளர் | செப்டம்பர் 1 | அக்டோபர் 12 | டிசம்பர் இறுதி |
| மருந்து, நுகர்பொருள் (ஆண்டு விலை ஒப்பந்தம்) | 165 | திறந்த, இரண்டு கவர் | அறங்காவலர் குழு, ஜூலை | மே 11 | ஜூலை 20 | ஆகஸ்ட் 1 |
| ஆய்வக ரீஏஜென்ட், நம் அனலைசருக்கு மட்டுமானவை | 24 | ஒரே விற்பனையாளர் | அறங்காவலர் குழு, ஏப்ரல் | இல்லை | ஏப்ரல் 15 | மே 1 |
| ஆய்வக ரீஏஜென்ட், மற்றவை | 12 | வரையறுக்கப்பட்டது | கொள்முதல் குழு | மார்ச் 23 | ஏப்ரல் 20 | மே 1 |
| ஆக்சிஜன், பிற வாயுக்கள் | 17 | திறந்த | செயலாளர் | மே 11 | ஜூன் 29 | ஆகஸ்ட் 1 |
| துப்புரவு, காவல் (இரண்டாண்டு) | 48 | திறந்த, இரண்டு கவர் | அறங்காவலர் குழு, ஜூலை | மே 25 | ஜூலை 27 | அக்டோபர் 1 |
| கருவிப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் | 21 | தயாரிப்பாளரிடம் நேரடி | செயலாளர் | இல்லை | அந்தந்த ஒப்பந்தம் முடியுமுன் | தொடர் |
| மருத்துவக் கழிவு அகற்றல் | 6 | ஒரே நிலையம் | செயலாளர் | இல்லை | ஏப்ரல் 1 | தொடர் |

மூலதனம் 331 லட்சம், நடப்புச் செலவு 293 லட்சம், மொத்தம் 624 லட்சம். 5 லட்சத்துக்குக் குறைந்த பொருள்கள் இதில் இல்லை. அவை மேலே சொன்ன வரம்புகளின்படி அவ்வப்போது நடக்கும்.

சிடி ஸ்கேனர்

திட்டத்தின் கனமான பகுதி இதுதான். டெண்டர் மே 20 அன்று மூடும். அதன்பின் தொழில்நுட்பக் கவரைத் திறந்து, நமது ரேடியாலஜிஸ்ட் வேறு மருத்துவமனைகளில் ஓடும் அதே மாடல்களைப் பார்த்துவர மூன்று வாரம் வேண்டும். ஜூன் 19 அன்று விலைக் கவரைத் திறந்தால்தான் ஜூலை 11 கூட்டத்துக்குக் குறிப்பு தயாராகும். இதில் இரண்டு வாரம் தவறினாலும் முடிவு அக்டோபருக்குப் போய்விடும்.

வாங்கும் விலையை மட்டும் வைத்து ஒப்பிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு ஆண்டு வாரண்டி முடிந்தபின் வரும் ஐந்து ஆண்டு முழுப் பராமரிப்புக் கட்டணத்தையும் விலைக் கவரிலேயே எழுதி வாங்கிச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எக்ஸ்ரே டியூப் அந்தப் பராமரிப்பில் அடங்குமா என்று தனி வரியில் கேட்க வேண்டும். விலை ரூபாயில் மட்டுமே. டாலர் ஏறினால் அந்தச் சுமை நமக்கு வரக் கூடாது.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கொள்முதல் அனுமதி இல்லாமல் இயந்திரத்தைத் தருவிக்க முடியாது. இயக்க உரிமம் வரும்வரை ஒரு நோயாளிக்கும் ஸ்கேன் எடுக்கவும் முடியாது. ஆணை கொடுத்த வாரத்திலேயே இ-லோரா தளத்தில் விண்ணப்பம் போக வேண்டும். அறையின் அளவும் சுவர்த் தடிமனும் தேர்வாகும் மாடலைப் பொறுத்தவை. ஆகவே அறை வேலைக்கு முன்கூட்டியே டெண்டர் விட்டால் இடித்துக் கட்ட நேரிடும்.

22 லட்சம் என்ற தொகையைத் தனியாகப் பார்த்தால் அறை வேலையைச் செயலாளரே முடிக்கலாம். ஆனால் அறையும் ஸ்கேனரும் ஒரே திட்டத்தின் இரண்டு பாதி. பிரித்துக் காட்டி வரம்பைத் தாண்டுவது சரியில்லை. அதே சமயம் அறைக்காக அக்டோபர் கூட்டம் வரை காத்திருந்தால், டிசம்பரில் வரும் இயந்திரத்தை இறக்கிவைக்க இடம் இருக்காது. அதனால்தான் ஜூலையிலேயே 22 லட்சம் உச்சவரம்போடு குழு அனுமதி தந்து, அதற்குள் ஆணையிடும் அதிகாரத்தைச் செயலாளருக்கு வழங்கும்படி கேட்கிறோம்.

பணம் செலுத்தும் படிகள்: வங்கி உத்தரவாதத்தின் பேரில் 10 சதவீதம் முன்பணம், இயந்திரம் வந்து இறங்கியதும் 60, உரிமம் பெற்று ஏற்புச் சோதனை முடிந்ததும் 20. மீதி 10 சதவீதம், அதாவது 19 லட்சம், ஆறு மாதம் நன்றாக ஓடியபின். இந்த 19 லட்சம் 2027–28 பட்ஜெட்டில்தான் வெளியேறும். அறக்கட்டளையின் வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவிட்டதாகக் காட்டும்போது, உண்மையில் கொடுத்த பணம் மட்டுமே கணக்கில் வரும். ஆணை போட்டது போதாது. ஜூலையில் முடிவாகாமல் போனால் தணிக்கையாளரிடம் உடனே பேசி, தொகையைக் குறித்த நோக்கத்துக்காகச் சேர்த்துவைக்கும் அறிவிப்பை நேரத்தோடு தாக்கல் செய்ய வேண்டும்.

மழைக்கு முன் முடிய வேண்டியவை

மொட்டைமாடியும் ஜெனரேட்டரும் தேதி தவறக் கூடாதவை. வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின் மாடி வேலை பார்ப்பது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. டயாலிசிஸ் பிரிவை விரிவாக்கிவிட்டு மாற்று மின்சாரத்தைப் பழைய 125 கேவிஏ இயந்திரத்திடமே விட்டுவைக்க முடியாது. ஆகவே புதிய ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிய பிறகே கூடுதல் டயாலிசிஸ் இயந்திரங்களை இயக்க வேண்டும். அட்டவணையில் தேதிகளை அந்த வரிசையில்தான் அமைத்திருக்கிறோம். மின் ஆய்வாளரின் அனுமதிக்கு மூன்று வாரம் ஒதுக்கியிருக்கிறோம்.

டயாலிசிஸ் இயந்திரம் 30 லட்சம், ஆர்ஓ 10 லட்சம். ஆர்ஓவைப் பிரித்தால் வரையறுக்கப்பட்ட டெண்டரிலேயே முடித்துவிடலாம், இங்கும் பிரிக்கவில்லை. ஒரே திறந்த டெண்டர், இரண்டு பிரிவு. ஒரு பிரிவுக்கு மட்டும் விலை தருபவர்களையும் ஏற்போம்.

ஆண்டு ஒப்பந்தங்கள்

மருந்து விலை ஒப்பந்தம் மே 31 அன்று முடிகிறது. ஏப்ரல் கூட்டத்துக்குள் அவசரமாக டெண்டர் முடிப்பதைவிட, பழைய விலையிலேயே ஜூலை 31 வரை நீட்டிப்பது நல்லது. நூற்றுக்கணக்கான மருந்துகளின் விலையை ஐந்தாறு நாளில் சரிபார்த்தால் கவனம் சிதறும். 165 லட்சத்தில் 55 லட்சம் பழைய விலையில் நான்கு மாதத்துக்கு, 110 லட்சம் புதிய விலையில் எட்டு மாதத்துக்கு.

துப்புரவு, காவல் பணி ஆண்டுக்கு 48 லட்சம். இரண்டு ஆண்டுக்கு 96 லட்சம் ஆவதால் குழுவிடம் வருகிறது. இதில் போட்டி ஒப்பந்ததாரரின் சேவைக் கட்டணத்தில் மட்டும்தான் இருக்க வேண்டும். குறைந்தபட்சக் கூலி, பிஎஃப், இஎஸ்ஐ மூன்றையும் நாமே கணக்கிட்டு டெண்டரில் நிலையான தொகையாக எழுதிவிடுவோம். தொழிலாளியின் கூலியைக் குறைத்துக் கிடைக்கும் மலிவு விலை இந்த மருத்துவமனைக்கு வேண்டாம்.

அனலைசருக்கான ரீஏஜென்ட் வேறு நிறுவனத்திடம் கிடைக்காது. 24 லட்சம் என்பதால் செயலாளர் அளவு. ஒரே விற்பனையாளர் என்பதால் ஒரு படி ஏறிக் குழுவிடம் வருகிறது. பராமரிப்பு ஒப்பந்தங்கள் தயாரிப்பாளர்வாரியாகத் தனித்தனி. அவற்றில் பெரியதே 6.5 லட்சம்தான் என்பதால் அவை ஒரு படி ஏறிச் செயலாளரிடம் நிற்கின்றன. மருத்துவக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதித்த பொது நிலையம் நம் பகுதிக்கு ஒன்றுதான்.

அல்ட்ராசவுண்ட் பற்றி ஒன்று மட்டும்: பாலினத் தேர்வுத் தடைச் சட்ட விதிகளின்படி புதிய இயந்திரம் பற்றி 30 நாள் முன்பே உரிய அதிகாரிக்குத் தெரிவித்துச் சான்றிதழில் சேர்க்க வேண்டும். நவம்பர் முதல் வாரத்தில் அந்தக் கடிதம் போகும்.

பணம் வெளியேறும் காலம் (மூலதனம், ரூ. லட்சம்)

| காலாண்டு | தொகை | எதற்கு |
|---|---|---|
| ஏப்ரல்–ஜூன் | 0 | |
| ஜூலை–செப்டம்பர் | 61 | சிடி முன்பணம் 19, மாடி 14, ஜெனரேட்டர் 28 |
| அக்டோபர்–டிசம்பர் | 195 | சிடி 114, அறை 22, டயாலிசிஸ் 40, ஆம்புலன்ஸ் 19 |
| ஜனவரி–மார்ச் | 56 | சிடி 38, அல்ட்ராசவுண்ட் 18 |
| 2027–28 | 19 | சிடி நிறுத்திவைப்பு |

மூன்றாம் காலாண்டுதான் நெருக்கடி. சிடிக்கு உறுதியளிக்கப்பட்ட 90 லட்சம் நன்கொடை செப்டம்பர் 30க்குள் வங்கியில் இருக்க வேண்டும். 70 லட்சம் வைப்புத்தொகை அக்டோபரில் முதிர்கிறது. மீதி 35 லட்சம் நடப்பு வருமானத்திலிருந்து. ஜூலை 11க்குள் நன்கொடையாளரின் எழுத்துப்பூர்வ உறுதி வராவிட்டால் சிடி ஆணையை நிறுத்திவைக்கப் பரிந்துரைப்பேன். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தருவது சட்டப்படி கட்டாயம் என்பதால், வேறு பில்களைத் தள்ளிப்போட்டுச் சமாளிக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம்.

மாற்றங்கள்

குறைந்த விலை ஒதுக்கீட்டைவிட 5 சதவீதம் வரை கூடினால் 15 லட்சம் தற்செயல் நிதியிலிருந்து செயலாளர் அனுமதிக்கலாம். அதற்கு மேல் கூடினால் குழுவுக்கு வரும். முறையை மாற்றினாலும், எந்தத் தேதியும் 30 நாளுக்கு மேல் தள்ளினாலும், காரணத்தோடு அடுத்த கூட்டத்தில் பதிவாகும். அக்டோபர் கூட்டத்துக்கு எந்தக் கொள்முதல் முடிவையும் வைக்கவில்லை. ஜூலையில் தவறும் ஒன்றுக்கோ மறுடெண்டருக்கோ அது வேண்டும்.

முன்மொழியப்படும் தீர்மானம்

2026–27 வரவு செலவுத் திட்டத்தை இந்தக் கொள்முதல் திட்டத்தோடு சேர்த்து அங்கீகரிக்கவும், தற்போதைய மருந்து விலை ஒப்பந்தத்தைப் பழைய விலையில் 31 ஜூலை 2026 வரை நீட்டிக்கவும், சிடி அறை வேலைக்கான 22 லட்சம் உச்சவரம்பை ஸ்கேனரோடு சேர்த்து ஜூலை 11 கூட்டத்தில் முடிவு செய்யவும், ஏப்ரல் 11 முதல் ஒவ்வொரு கூட்டத்திலும் திட்டத் தேதியையும் நடந்த தேதியையும் பக்கம் பக்கமாகக் காட்டும் அறிக்கையை நிதி அலுவலர் வைக்கவும் இக்குழு தீர்மானிக்கிறது.