கவினோட மூஞ்சிச் சீட்டு

அத்தைக்கு,

வரும் திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்புகிறேன். பாலர் பள்ளி விட்டு கவின் பன்னிரண்டரைக்கு வந்துவிடுவான். அதிலிருந்து நான் வீடு வரும் ஆறு மணி வரை அவனும் பாப்பாவும் உங்கள் பொறுப்பு. பாப்பாவைப் பற்றிக் கவலை இல்லை. கவின் அடம் பிடித்துப் புரளும்போது உங்களுக்குக் கை ஓயக்கூடாதே என்றுதான் இந்தச் சீட்டுக்கட்டைச் செய்தேன்.

எங்கள் கல்யாணப் பத்திரிகை மிச்சம் இருந்ததல்லவா, அதை அளவாக வெட்டி, ஓட்டை போட்டு, அவனுடைய பழைய ஷூ லேஸில் கோத்திருக்கிறேன். முகங்களை நானும் அவனும் சேர்ந்து வரைந்தோம். கோபத்தின் மூக்கை அவன் வரைந்தான், அதனால்தான் அது குடமிளகாய் மாதிரி இருக்கிறது. முன்பக்கம் அவன் சொல்ல வேண்டியது. பின்பக்கம் நாம் சொல்ல வேண்டியது. படித்துக் காட்ட வசதியாக இருக்கட்டும் என்று பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறேன்.

முக்கியமான ஒன்று, அத்தை. அவன் தரையில் கிடந்து கத்தும்போது சீட்டை எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் நாம் சொல்வது எதுவும் அவன் மண்டையில் ஏறாது. யோசித்து அடக்கிக்கொள்கிற மூளைப் பகுதி நாலு வயதில் இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. நான் ஒருமுறை அவசரப்பட்டு நீட்டினேன், பயச் சீட்டைக் கிழித்துவிட்டான் (செலோடேப் ஒட்டியது அதுதான்). சீட்டு நல்ல நேரத்துக்கு. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் ஐந்து நிமிடம், சாயங்காலம் வாசலில் உட்காரும்போது ஐந்து நிமிடம் விளையாடினால் போதும். அப்போது பழகின சொல்தான் ஆத்திரத்தில் வாய்க்கு வரும்.

கத்தும்போது பக்கத்தில் தரையில் உட்காருங்கள். கால் வலித்தால் முக்காலி போட்டுக்கொள்ளுங்கள். குரலை இறக்கி, "பாட்டி இங்கதான் இருக்கேன்" என்று மட்டும் சொல்லுங்கள். கேள்வி வேண்டாம், புத்தி வேண்டாம். பாப்பாவைத் தொட்டிலில் விட்டுவிடுங்கள், எறிகிற சாமான்களை நகர்த்திவிடுங்கள். தானாக அடங்கி மூச்சு விசும்பலாக மாறும்போதுதான் விளையாட்டுக்கு நேரம்.

இனி சீட்டுகள்.

கோபம் (சிவப்பு முகம், குடமிளகாய் மூக்கு)

முன்பக்கம்: "எனக்குக் கோபம் வருது. மூஞ்சி சூடாயிருச்சு. கை அடிக்கணும்னு சொல்லுது."

பின்பக்கம்: "கோபம் வரலாம் தங்கம். அடிக்கக் கூடாது. வா, சுவரைத் தள்ளலாம்."

தலையணையைக் குத்தச் சொல்லலாமே என்று அவர் கேட்டார். நானும் செய்து பார்த்தேன். குத்தக் குத்த வேகம் கூடுகிறதே தவிர அடங்கவில்லை. அதனால் அது வேண்டாம்.

நினைச்சது நடக்கல (உதடு பிதுங்கிய முகம், பக்கத்தில் பிய்ந்த தோசை)

முன்பக்கம்: "நான் ஒண்ணு நினைச்சேன். வேற மாதிரி ஆயிருச்சு."

பின்பக்கம்: "நீ முழுசா வேணும்னு நினைச்ச. பிஞ்சு போச்சு. கஷ்டமாத்தான் இருக்கு."

இந்தச் சீட்டு வந்த கதை உங்களுக்குத் தெரியாது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சூடாக இருக்கிறதே என்று அவன் தோசையை நானே பிய்த்து வைத்தேன். தட்டு பறந்தது. இருபது நிமிடம் அழுதான். "இதே தோசைதானேடா, வாய்க்குள்ள போனா ஒண்ணுதானே" என்று நான் விளக்கம் சொல்லிக்கொண்டே இருந்தேன், அழுகை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் எனக்கே அலுத்துப்போய், "முழு நிலா மாதிரி வேணும்னு நினைச்சியாடா?" என்று கேட்டேன். சட்டென்று என்னைப் பார்த்து, "ஆமா, நிலா" என்று மடியில் வந்து விழுந்தான். புது தோசை கேட்கவே இல்லை. அவன் மனதில் இருந்ததை ஒருவர் சொன்னதே போதுமாக இருந்தது. எட்டுச் சீட்டில் இதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

ஒன்று மட்டும். "கஷ்டமாத்தான் இருக்கு" என்று சொல்வது கேட்டதைக் கொடுப்பது ஆகாது. போன் இல்லை என்றால் இல்லைதான். கத்தின பிறகு கொடுத்தால், கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான். மாமா மிட்டாயை எடுத்து நீட்டுவதை நீங்கள்தான் அவரிடம் சொல்ல வேண்டும், நான் சொன்னால் நன்றாக இருக்காது.

பாப்பா மேல கோபம் (பெரிய முகம், மூலையில் சின்ன முகம்)

முன்பக்கம்: "எல்லாரும் பாப்பாவையே பார்க்கறீங்க. என்னையும் பாருங்க."

பின்பக்கம்: "உன் முறை வரணும்னு இருக்கா? பாப்பா தூங்கினதும் பாட்டி மடி உனக்கு."

சொன்னால் மடியைக் கொடுத்துவிட வேண்டும். "அண்ணன் ஆயிட்டல்ல, விட்டுக்கொடு" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம், நானும்தான். அவனுக்கு நாலு வயதுதான் ஆகிறது.

பயம் (பெரிய கண், செலோடேப்)

முன்பக்கம்: "வயித்துக்குள்ள ஏதோ ஓடுது. என்னைப் பிடிச்சுக்கோங்க."

பின்பக்கம்: "பிடிச்சிருக்கேன். எதுக்குப் பயம்னு விரலால காட்டு."

மிக்ஸி சத்தம், பக்கத்து வீட்டு நாய் இரண்டும்தான் இப்போதைக்கு. பூச்சாண்டி, போலீஸ் என்று மட்டும் யாரும் பயமுறுத்த வேண்டாம். பயந்து வாயை மூடுவதற்குப் பெயர் அடங்குவது இல்லை.

அழுகை (கண்ணீர் நீலத்தில்)

முன்பக்கம்: "எனக்கு அழணும்."

பின்பக்கம்: "அழு. பாட்டி துடைச்சு விடறேன்."

"ஆம்பளப் பிள்ளை அழலாமா" வேண்டாம், அத்தை.

பசி, தூக்கம் (கொட்டாவி விடும் முகம், கையில் வாழைப்பழம்)

முன்பக்கம்: "எனக்கு என்னன்னு தெரியல. எல்லாமே பிடிக்கல."

பின்பக்கம்: "முதல்ல ஒரு வாய். அப்புறம் பேசலாம்."

தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துப் பார்த்தேன். போன வாரம் 11 தடவை அடம். அதில் 7 தடவை சாயங்காலம் 4 மணிக்கும் 6 மணிக்கும் நடுவில். மத்தியானத் தூக்கம் விட்டுப்போன நாட்களில்தான் அதிலும் அதிகம். இந்த வயதுக்கு ராத்திரியும் பகலுமாகச் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். அதனால் மத்தியானம் தூங்க வைத்துவிடுங்கள். பசிக்கு நாலு மணிக்கு முன்னாலேயே சுண்டலோ பழமோ கொடுத்துவிடுங்கள். கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சந்தோஷம் (பல்லெல்லாம் தெரியும் முகம்)

முன்பக்கம்: "ஜாலியா இருக்கு!"

பின்பக்கம்: "எங்க ஜாலியா இருக்கு? காலிலயா, வயித்திலயா?"

எட்டாவது சீட்டைக் கடைசியில் சொல்கிறேன்.

சீட்டை வைத்து விளையாடுவது எளிது. குப்புறப் பரப்பி ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். அந்த முகத்தை அவன் செய்து காட்ட வேண்டும், அடுத்து நீங்கள். நம் பழைய இலக்கணத்தில் இதற்கு மெய்ப்பாடு என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள், உள்ளே இருப்பது மெய்யில் தெரிவது. அவனுக்கும் உடம்பில்தான் முதலில் தெரிகிறது, சொல் பிறகுதான் வருகிறது. "இன்னைக்கு நீ அழுதியே, அது எந்தச் சீட்டு?" என்று குற்றம் மாதிரி கேட்காமல் இருந்தால் போதும்.

அடங்கும் விளையாட்டுகள் ஐந்து. எல்லாம் அவனுக்கு ஏற்கெனவே தெரியும்.

சூடான இட்லி. இரண்டு கையையும் சேர்த்து ஏந்த வேண்டும், அதுதான் தட்டு. "இட்லி வந்திருச்சு, வாசம் பிடி." மூக்கால் மெதுவாக இழுப்பான். "ரொம்ப சூடு, ஊது." வாயால் நீளமாக ஊத வேண்டும். ஐந்து இட்லி. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருந்தால்தான் நெஞ்சுப் படபடப்பு குறையும், அதனால் "இன்னும் ஆறல, இன்னும் ஆறல" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். "மூச்சை இழுத்து விடு" என்று சொன்னால் செய்யமாட்டான். இட்லி என்றால் செய்கிறான்.

சுவர் நகருது. இரண்டு உள்ளங்கையையும் சுவரில் ஊன்றி, பத்து எண்ணும் வரை தள்ள வேண்டும். "ஐயோ, வீடு பக்கத்துத் தெருவுக்குப் போகுதே!" என்று நீங்கள் பதற வேண்டும். கோபத்துக்கு இதுதான் முதல் மருந்து. அரிசி டப்பாவைச் சமையலறையிலிருந்து கூடத்துக்குத் தூக்கி வரச் சொன்னாலும் சரி.

நண்டூருது, மெதுவாக. நீங்கள் பாப்பாவுக்குச் செய்வதுதான். உள்ளங்கையில் பருப்பு கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் சோறு ஊட்டி, நண்டூருது நரியூருது என்று கையேறிப் போவது. அழுது முடித்த நேரத்தில் கிச்சுக் கிச்சு மூட்டாதீர்கள், அது மறுபடி கிளப்பிவிடும். தோளோடு நிறுத்தி அங்கேயே கையை வைத்துக்கொள்ளுங்கள். தொட வேண்டாம் என்று தட்டிவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஆமை. முட்டி போட்டுக் குனிந்து, தலையைக் கைக்குள் வைத்துக்கொள்வான். மேலே உங்கள் பழைய நூல் புடவை, அதுதான் ஓடு. உள்ளே மூன்று மூச்சு. பிறகு "ஆமை, வெளியே மழை நின்னுருச்சா?" என்று கேளுங்கள். அவனாகத் தலையை நீட்டட்டும். சில நாள் ஐந்து நிமிடம்கூட உள்ளேயே இருப்பான். இருக்கட்டும். தண்டனையாக மட்டும் "போய் ஆமையா இரு" என்று சொல்லிவிட்டால் அந்த விளையாட்டு அதோடு போய்விடும்.

ஜிகினா பாட்டில். அலமாரி மேல்தட்டில் இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் பசை, நீல ஜிகினா. குலுக்கித் தரையில் வைத்துவிட்டு, எல்லாம் அடியில் படியும் வரை இரண்டு பேரும் பேசாமல் பார்க்க வேண்டும். மூடியை ஒட்டியிருக்கிறேன், ஆனாலும் பாப்பா கைக்கு எட்டாமல் வையுங்கள். பலூனும் கொடுக்க வேண்டாம், வெடித்த துண்டைப் பாப்பா வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையை அடைத்துவிடும்.

ஒரு மாதம் இப்படிச் செய்து பார்ப்போம். ஒரேயடியாக நின்றுவிடாது. இருபது நிமிடம் எட்டாகக் குறைந்தாலே எனக்குப் பெரிய நிம்மதி. தலையைத் தரையில் மோதிக்கொண்டாலோ, மூச்சை அடக்கி மயங்கினாலோ, இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் அடங்காமல் அடிக்கடி நடந்தாலோ உடனே எனக்குப் போன் செய்யுங்கள். குழந்தை டாக்டரிடம் காட்டிவிடலாம். கண்ணேறு என்று நீங்கள் சுற்றிப் போட்டாலும் எனக்கு மறுப்பில்லை, ஆனால் டாக்டரையும் பார்ப்போம்.

எட்டாவது சீட்டு உங்களுடையது. நான் கேட்காமலே கவின் செய்தான். முன்பக்கம் அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: "பாட்டிக்குக் கால் வலிக்குது. பாட்டி அஞ்சு நிமிஷம் உட்காரணும்." உங்களுக்குப் பொறுமை போகிற நேரத்தில் அதை எடுத்து அவனிடம் காட்டுங்கள், நீங்களும் இரண்டு இட்லி ஊதுங்கள். படத்தில் மூக்குத்திக்கு ஜிகினா ஒட்டியிருக்கிறான். இன்னும் ஈரம் காயவில்லை, பார்த்துப் பிரியுங்கள்.