காலபோக நெல்லுக்கு உர மானியம்: வயல் செய்பவர்கள் எல்லோரும் வாசிக்கவும்

கமக்காரர் அமைப்பின் அறிவித்தல்
தென்மராட்சி, 2024.10.13

2024/25 காலபோகத்துக்கான உர மானியம் பற்றிய சுற்றறிக்கை வந்திருக்கிறது. பதினொரு பக்கம். முழுவதையும் வாசிக்க விரும்புபவர்களுக்கு ஒரு பிரதி வாசிகசாலை மேசையில் கட்டி வைத்திருக்கிறோம், தயவுசெய்து கழற்றிக்கொண்டு போக வேண்டாம். நமக்குத் தேவையானதை மட்டும் கீழே எழுதியிருக்கிறோம்.

முதலில் நாட்கள்:

ஒக்டோபர் 18, வெள்ளி, காலை 9 முதல் 1 மணி வரை: கமநல சேவை நிலைய உத்தியோகத்தர் வாசிகசாலைக்கு வருகிறார். பெயர் பதிவு, படிவம் நிரப்புதல் எல்லாம் அன்றுதான். (17ஆம் திகதி போயா. அன்று வந்து காத்திருக்க வேண்டாம்.)
ஒக்டோபர் 21 முதல் 25 வரை: வயல் பார்க்க வருவார்கள்.
ஒக்டோபர் 28, திங்கள், பிற்பகல் 3.30: படிவம் கொடுக்கக் கடைசி நேரம். வெள்ளிக்கிழமை வர முடியாதவர்கள் இதற்குள் கமநல சேவை நிலையத்தில் நேரே கொடுக்கலாம்.
நவம்பர் 4, திங்கள்: பெயர்ப் பட்டியல் இதே பலகையில் ஒட்டப்படும்.
நவம்பர் 11, திங்கள்: பட்டியலில் பிழை இருந்தால் எழுத்தில் கொடுக்கக் கடைசி நாள். அதே கிழமை வியாழன் தேர்தல் என்பதால் தவணை நீடிப்பார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம்.

எவ்வளவு கிடைக்கும்?

ஒரு ஹெக்டேருக்கு 25,000 ரூபா. இரண்டு தரமாக வரும்: முதலில் 15,000, பிறகு 10,000. ஒருவருக்கு ஆகக் கூடியது 2 ஹெக்டேர். முன்னர் ஹெக்டேருக்கு 15,000 ரூபாதான் இருந்தது.

இங்கே யாரும் ஹெக்டேரில் வயல் செய்வதில்லை. ஆகவே பரப்பில் கணக்குப் பார்த்தோம். 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய முப்பத்தொன்பதரைப் பரப்பு. அப்படியென்றால் ஒரு பரப்புக்கு 630 ரூபா அளவில் வரும். 5 பரப்பு செய்பவருக்குச் சுமார் 3,160 ரூபா, 10 பரப்புக்கு 6,320, ஓர் ஏக்கருக்கு 10,100. உச்ச அளவான 2 ஹெக்டேர் என்பது 79 பரப்பு. அதற்கு மேல் எவ்வளவு செய்தாலும் 50,000 ரூபாதான். சில சதம், சில ரூபா கூடக் குறைய இருக்கும், அதற்காகச் சண்டைக்கு வர வேண்டாம்.

சின்னத் துண்டுதானே, இதற்கு எங்கே அலைவது என்று விட்டுவிடாதீர்கள். மூன்று பரப்புக்கும் மானியம் உண்டு.

காசு யாருக்கு?

வயலைச் செய்பவருக்கு. காணி யாருடைய பேரில் இருக்கிறது என்பது வேறு, இந்தப் போகம் யார் விதைக்கிறார் என்பது வேறு. போன முறை கூடுதலாகக் குழப்பம் வந்தது இதில்தான். அண்ணன் கனடாவில், உறுதி அவர் பேரில், வயலைச் செய்வது இங்கே இருக்கும் தம்பி என்றால் மானியம் தம்பிக்கு. குத்தகைக்குச் செய்பவருக்கும், வாரத்துக்குச் செய்பவருக்கும் அப்படியே. உரிமையாளர் கையெழுத்திட்ட ஒரு துண்டு போதும். வெளிநாட்டில் இருப்பவர் எழுதிக் கையெழுத்திட்டுப் படமெடுத்துப் போனில் அனுப்பியதை அச்செடுத்து, விதானையாரிடம் உறுதிப்படுத்திக் கொண்டு வரலாம். இதற்கு நாள் எடுக்கும். இன்றைக்கே கேட்டு அனுப்புங்கள்.

காணி இறந்துபோன அப்பா அல்லது பாட்டன் பேரில் விவசாயக் காணிப் பதிவேட்டில் இருந்தால் மரணச் சான்றிதழின் போட்டோ கொப்பி ஒன்று வேண்டும். சகோதரங்களுக்குள் பங்கு பிரிக்காத காணி என்றால், யார் செய்கிறார் என்று மற்றவர்கள் சம்மதித்து ஒரே கடிதத்தில் கையெழுத்திட வேண்டும். ஒரே வயலுக்கு இரண்டு பேர் படிவம் கொடுத்தால் இரண்டும் நிறுத்தி வைக்கப்படும். வீட்டுக்குள் பேசி முடித்துவிட்டு வாருங்கள், வாசிகசாலை வாசலில் வைத்துப் பேச வேண்டாம்.

தரிசாகக் கிடக்கும் வயலுக்கும், நெல் அல்லாத பயிர் வைத்த தோட்டத் தரைக்கும் இந்த மானியம் இல்லை. மொட்டைக்கறுப்பன் விதைத்தாலும் சரி, புது இன நெல் விதைத்தாலும் சரி, வித்தியாசம் கிடையாது.

கொண்டு வர வேண்டியவை

தேசிய அடையாள அட்டையும் அதன் போட்டோ கொப்பியும். உங்கள் சொந்தப் பேரில் உள்ள வங்கிக் கணக்கின் புத்தகம், அதன் முதல் பக்கத்தின் போட்டோ கொப்பி. காணி உறுதி அல்லது குத்தகைக் கடிதம். ஏக்கர் வரி கட்டிய பற்றுச்சீட்டு இருந்தால் அதுவும்.

வங்கிப் புத்தகத்தை வீட்டில் வைத்தே ஒருமுறை திறந்து பாருங்கள். பெயர் அடையாள அட்டையில் உள்ளது போலவே இருக்கிறதா? ஒன்றில் செல்வராசா, மற்றதில் செல்வராஜா என்று இருந்தால் காசு திரும்பிப் போகும். நீண்ட காலம் போட்டு எடுக்காத கணக்கு என்றால் முதலில் வங்கிக்குப் போய் அது இயங்குகிறதா என்று கேட்டுவிடுங்கள். மகனுடைய கணக்கு, மருமகளுடைய கணக்கு சரிவராது.

படிவம் இலவசம். நிரப்பித் தர யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். எழுத உதவி வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை அமைப்பு உறுப்பினர்கள் இருவர் அங்கே இருப்பார்கள். மானியம் போடுகிறோம் என்று சொல்லிப் போனில் யாராவது வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தையோ போனுக்கு வந்த இலக்கத்தையோ கேட்டால் உடனே வைத்துவிடுங்கள். அப்படி எந்தக் கந்தோரும் கேட்காது.

வயல் பார்க்க வரும்போது

உங்கள் பக்கத்துக்கு என்றைக்கு வருவார்கள் என்பதை வெள்ளிக்கிழமை சொல்வார்கள். நீங்களோ வீட்டில் ஒருவரோ வரம்படியில் நிற்க வேண்டும். எந்த வரம்பிலிருந்து எந்த வரம்பு வரை நீங்கள் செய்கிறீர்கள் என்று காட்டத் தெரிந்தவராக இருக்கட்டும். படிவத்தில் 12 பரப்பு என்று எழுதி, தரையில் 8 பரப்புத்தான் விதைத்திருந்தால் 8 பரப்புக்கே கணக்கு.

வெள்ளச் சேதம் பற்றி

இது உர மானியத்தில் சேராது. ஆனால் கார்த்திகை மழையை நினைத்து இங்கேயே எழுதுகிறோம். நெல்லுக்குக் கட்டணம் இல்லாத பயிர்க் காப்புறுதி இருக்கிறது. முழுச் சேதம் என்றால் ஏக்கருக்கு ஆகக் கூடியது 40,000 ரூபா, அதாவது பரப்புக்கு 2,500. அழிந்த அளவைப் பார்த்துத்தான் தருவார்கள். உர மானியத்துக்குப் பதிவு செய்யும்போதே உங்கள் வயல் விவரம் நிலையத்தில் சரியாக இருந்தால் பிறகு இதற்கும் சுலபம். வயல் தண்ணீரில் நின்று பயிர் அழுகினால் உடனே கமநல சேவை நிலையத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் வந்து பார்ப்பதற்கு முன் உழுது மறு விதைப்புப் போட்டுவிட்டால் சேதத்தைக் காட்ட ஒன்றும் இருக்காது. போனில் நாலு படம் எடுத்து வைப்பதும் நல்லது.

காசு எந்த நாளில் கணக்குக்கு வரும் என்று சுற்றறிக்கையில் நாள் போடவில்லை. மானியக் காசை நம்பி உரத்தைக் கடனுக்கு எடுப்பவர்கள் அதை யோசித்துச் செய்யவும்.

வாசிக்கச் சிரமப்படும் முதியவர்கள் பக்கத்தில் இருந்தால் இதைச் சொல்லிவிடுங்கள். நடக்க முடியாதவர் என்றால் அமைப்பில் ஒருவரிடம் சொன்னால் 18ஆம் திகதி பிற்பகல் உத்தியோகத்தரை வீட்டுக்கே கூட்டி வருகிறோம். அதற்கு 16ஆம் திகதி புதன்கிழமைக்குள் பெயர் தர வேண்டும்.

செயலாளர்,
கமக்காரர் அமைப்பு